பழைய படத்து நிழலிலிருந்து மணியும் திசையும்

கேள்வி: தாத்தா வீட்டு வாசலில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் இது. ஊர் தஞ்சாவூர். பின்னால் பென்சிலில் 'பொங்கல் 1962' என்று எழுதியிருக்கிறது. வாசலில் நட்ட கல்லின் நிழல் கோலத்தின் மேல் நீளமாக விழுந்திருக்கிறது. வீடு இப்போது இல்லை. எத்தனை மணிக்கு எடுத்த படம், வீடு எந்தத் திசை பார்த்து இருந்தது என்று சொல்ல முடியுமா? இன்னொரு படத்தில் ஒரு தோட்டத்துச் சூரியக் கடிகாரம் 3 மணி காட்டுகிறது. மாதம் தெரியாது. அதை அப்படியே நம்பலாமா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் படத்துக்கு இரண்டு விடைகள்தான் பொருந்துகின்றன. ஒன்று, காலை சுமார் 9.15 மணி, வீடு நேர் கிழக்கு பார்த்தது. மற்றொன்று, பிற்பகல் சுமார் 3.30 மணி, வீடு தெற்கு பார்த்து 20 டிகிரி மேற்கே திரும்பியது. காலை 9.15-க்கு மதியம் 3.30-ஐ மாற்றி எழுதி, வீட்டை மட்டும் கிழக்கிலேயே விட முடியாது. மணியும் திசையும் சேர்ந்தே மாறும். எனக்கு முதல் விடைதான் சரியாகப் படுகிறது. ஆனால் நிழல் மட்டும் அதைத் தீர்த்துச் சொல்லாது.

நில அளவை சொல்லிக்கொடுத்த காலத்தில் மாணவர்களிடம் முதலில் புரியவைக்க வேண்டியிருந்ததும் இதுதான். ஒரு நிழலுக்குப் பின்னால் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: ஊர், தேதி, மணி, திசை. ஊரும் தேதியும் தெரிந்தால், நிமிர்ந்து நிற்கும் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல எத்தனை மடங்கு என்பதிலிருந்து சூரியன் வானில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கிடைக்கும். கல் இரண்டடியா மூன்றடியா என்று தெரியவேண்டியதில்லை, மடங்கு தெரிந்தால் போதும். சூரியன் அந்த உயரத்தில் நின்ற நேரம் அன்றைக்கு இரண்டே இரண்டு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நேரம் தெரிந்தால் நிழல் எந்தத் திசையில் விழுந்திருக்கும் என்பதும் தெரியும். அதிலிருந்து வீட்டின் திசைக்குப் போகலாம்.

படத்தின் மேல் அளவுகோலை வைத்து நிழலையும் கல்லையும் நேராக அளந்தால் தப்பாகிவிடும். கேமராவிலிருந்து விலகிப் போகும் நிழல் படத்தில் குறுகித் தெரியும். நிமிர்ந்து நிற்கும் கல் அப்படிக் குறுகாது. இந்தக் குறுக்கத்தை நீக்க, தரையில் சம அளவுள்ள கட்டங்கள் ஏதாவது வேண்டும். செங்கல் தளமோ ஓடு பதித்த முற்றமோ இருந்தால் அதை வைத்துச் செய்வார்கள். உங்கள் படத்தில் அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது: வாசலை அடைத்துப் போட்ட புள்ளிக் கோலம். புள்ளி வரிசைகள் வாசற்படிக்கு இணையாக ஓடுகின்றன. கையால் வைத்த புள்ளிகள் என்றாலும் இடைவெளி சீராகவே இருக்கிறது. பல புள்ளிகளைச் சேர்த்து எடுத்தால் ஒன்றிரண்டு தள்ளிப்போனது கணக்கைக் கெடுக்காது.

ஸ்கேனைப் பெரிதாக்கிப் புள்ளிகளை எண்ணினேன். படம் எடுத்தவர் வீட்டைப் பார்த்து நிற்கிறார். கல் கோலத்தின் இடது முன்மூலையில் இருக்கிறது. நிழலின் நுனி, கல்லின் அடியிலிருந்து வீட்டை நோக்கி 5 இடைவெளி, வலப்பக்கமாக 3.5 இடைவெளி தள்ளி விழுகிறது. 5-இன் வர்க்கத்தையும் 3.5-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் நிழலின் உண்மை நீளம் 6.1 இடைவெளி. கல்லின் உயரத்தையும் அதே இடைவெளியால்தான் அளக்க வேண்டும். அதற்குக் கல்லின் அடியை ஒட்டி ஓடும் புள்ளி வரிசையில் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை எடுத்தேன். கேமராவிலிருந்து அந்த வரிசையும் கல்லும் ஒரே தூரத்தில் இருப்பதால் அந்த அளவு இரண்டுக்கும் பொருந்தும். கல்லின் உயரம் நான்கு இடைவெளிக்கு மயிரிழை மேல். ஆக, நிழல் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு.

கேமராவைக் கீழே சாய்த்துப் பிடித்திருந்தால் இந்த உயரம் தப்பாக வரும். அப்படிச் சாய்த்திருந்தால் நிலைக்கதவின் இரு பக்கச் சட்டங்களும் படத்தில் கீழே நெருங்கி மேலே அகன்று தெரியும். உங்கள் படத்தில் அவை இணையாகவே நிற்பதால் அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை.

நிழல் ஒன்றரை மடங்கு என்றால் சூரியனின் உயரக் கோணம் 33.7 டிகிரி. தஞ்சாவூர் வடக்கு அட்சரேகை 10.8. 1962-இல் பொங்கல் ஜனவரி 14. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 21.3 டிகிரியில் இருந்தது. இந்த மூன்றையும் இணைக்கும் சூத்திரம் ஒன்றுதான்:

```
sin(a) = sin(φ)·sin(δ) + cos(φ)·cos(δ)·cos(H)
```

இதில் a உயரக் கோணம், φ அட்சரேகை, δ சூரியனின் விலக்கம் (தெற்கே என்பதால் கழித்தல் குறியோடு −21.3), H உச்சி வேளைக்கும் படம் எடுத்த நேரத்துக்கும் இடையில் பூமி சுழன்ற கோணம். போட்டுப் பார்த்தால் H சுமார் 47 டிகிரி வரும். 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்பதால் உச்சிக்கு 3 மணி 8 நிமிடம் முன்போ பின்போ எடுத்த படம் இது.

இனி உச்சியைக் கடிகார மணியாக மாற்ற வேண்டும். பலர் இங்கே 12 மணி என்று எடுத்துக்கொண்டு வழுக்கிவிடுகிறார்கள். நம் கடிகாரம் ஓடுவது கிழக்கு தீர்க்கரேகை 82.5-இன் நேரப்படி. தஞ்சாவூர் 79.1-இல் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் அங்கே சூரியன் 13 அல்லது 14 நிமிடம் தாமதமாகத்தான் உச்சிக்கு வரும். இதற்கு மேல், பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் வருஷம் முழுக்கச் சூரியன் கடிகாரத்தோடு முந்தியும் பிந்தியும் போகிறது. ஜனவரி நடுவில் அது 9 நிமிடம் பிந்தியிருக்கும். இரண்டையும் கூட்டினால் பொங்கலன்று தஞ்சாவூரில் உச்சி வேளை 12.22 மணி. அதிலிருந்து 3 மணி 8 நிமிடம் கழித்தால் காலை 9.14, கூட்டினால் மாலை 3.30.

திசைக்கு வருவோம். அந்த உயரத்தில் காலைச் சூரியன் கிழக்கிலிருந்து 35 டிகிரி தெற்கே தள்ளி நிற்கும். நிழல் அதற்கு நேர் எதிரே, மேற்கிலிருந்து 35 டிகிரி வடக்கே விழும். படத்தில் நிழல், வீட்டை நோக்கிப் போகும் கோட்டிலிருந்து வலப்பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது? 5-க்கு 3.5 என்பது 35 டிகிரி. மேற்குப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம் வடக்கு. எனவே படம் எடுத்தவர் நேர் மேற்கே பார்த்திருக்கிறார், வீடு நேர் கிழக்கே பார்த்திருக்கிறது. மாலையாக இருந்தால் நிழல் கிழக்கிலிருந்து 35 டிகிரி வடக்கே விழும். அப்போது படம் எடுத்தவர் வடக்கிலிருந்து 20 டிகிரி கிழக்கே திரும்பி நின்றிருக்க வேண்டும், வீட்டு வாசல் தெற்கிலிருந்து 20 டிகிரி மேற்கே திரும்பியிருக்க வேண்டும்.

காலை என்று நான் சாய்வதற்குக் காரணங்கள் உண்டு. கோலம் கலையாமல் இருக்கிறது. பொங்கலன்று மாலை மூன்றரை மணிக்குள் எத்தனை கால்கள் அதை மிதித்திருக்கும்! கணக்கு நேர் கிழக்கில் வந்து விழுவதும் தற்செயல் என்று தோன்றவில்லை, கிழக்கு பார்த்த வாசலை நம் ஊரில் விரும்பிக் கட்டுவார்கள். ஆனால் இவை இரண்டும் ஊகம்தான், அளவு அல்ல. ஊகத்தை விடுத்து நிச்சயத்துக்குப் போக உங்கள் கையிலேயே வழி இருக்கிறது. வீடு போய்விட்டாலும் தெரு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்தத் தெருவைப் பாருங்கள். தெரு நேர் வடக்கு தெற்காக ஓடி, வீடு இருந்த மனை அதன் மேற்குப் பக்கத்தில் இருந்தால் காலை 9.15. தெரு கிழக்கு மேற்காக ஓடி, 20 டிகிரி சாய்ந்திருந்தால் மாலை 3.30. இருபது டிகிரி சாய்வு கண்ணுக்கே தெரியும். வரைபடம் காட்டுவது உண்மை வடக்கு. என் கணக்கும் அதே வடக்கை வைத்துத்தான். காந்த ஊசி காட்டும் வடக்கு தமிழ்நாட்டில் அதிலிருந்து ஓரிரு டிகிரிக்கு மேல் விலகாது.

அதற்கு முன் இன்னொன்றைப் பார்த்தாக வேண்டும். பழைய நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டால் இடம் வலம் மாறிவிடும். அப்படி மாறியிருந்தால் கணக்கு முழுவதும் புரண்டு, மாலை 3.30 மணிக்கு நேர் மேற்கு பார்த்த வீடு என்ற விடையும் அதே அளவு அழகாக வந்து நிற்கும். உங்கள் படத்தில் திண்ணையருகே நிற்கும் அம்மாளின் முந்தானை இடது தோளில் கிடக்கிறது, பக்கத்தில் நிற்கும் பையனின் சட்டைப் பை இடது மார்பில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதால் படம் புரளவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆளில்லாத படமாக இருந்தால் சுவரில் எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

பிழை எவ்வளவு இருக்கலாம்? சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் நுனி கூராக இருக்காது, மங்கி முடியும். நுனி எது என்று நான் தீர்மானித்ததில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மடங்கு 1.5-க்குப் பதில் 1.4 ஆகவோ 1.6 ஆகவோ இருந்தால் மணி ஒன்பது நிமிடம் மாறும். தண்ணீர் ஓட வாசலைச் சரித்து வைப்பது வழக்கம். நிழல் விழும் பக்கம் இரண்டு டிகிரி தாழ்ந்திருந்தால் நிழல் சற்று நீண்டு ஏழெட்டு நிமிடம் தப்பும். கல் சாய்ந்திருந்தாலும் அதே கதை. இவற்றைச் சேர்த்துப் பார்த்து, 9.15 என்பதை 'ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் இடையில்' என்று படித்துக்கொள்ளுங்கள். 9.14 என்று நிமிடக் கணக்கில் சொல்வதற்கு இந்தப் படம் இடம் தராது.

நிழல் நீளமாக இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். அதே நாளில் தஞ்சாவூரில் உச்சி வேளையில் நிழல் உயரத்தில் 0.63 மடங்கு. அது 0.68 ஆவதற்கே ஏறக்குறைய 48 நிமிடம் பிடிக்கும். பழைய படத்தில் 0.63-ஐயும் 0.68-ஐயும் பிரித்தறிய முடியாது. ஆகவே நடுப்பகலை ஒட்டிய படம் என்றால் நீளத்தை வைத்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எங்கே என்று சொல்வதே கஷ்டம். அந்த வேளையில் நிழலின் திசைதான் வேகமாக மாறும், திசை முன்பே தெரிந்தால் மட்டும் மணியைப் பிடிக்கலாம். இந்த 0.63-க்கு இன்னொரு பயனும் உண்டு. பொங்கல் என்று எழுதிய படத்தில் நிழல் அதைவிடக் குட்டையாக இருந்தால் தேதியோ அளவோ தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

தேதியைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். பின்னால் எழுதியது படம் எடுத்த நாளா, ரோல் முடிந்து கழுவி வந்த நாளா என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். உண்மையில் பிப்ரவரி 14-இல் எடுத்த படம் என்றால் காலை விடை 9.14-இலிருந்து 9.02 ஆகும். நிழலின் திசையோ 11 டிகிரி மாறும். ஜூன் 21 என்றால் மணி 8.24, திசை 56 டிகிரி புரண்டு, காலை நிழல் மேற்கிலிருந்து தெற்கே சாயும். தேதித் தவறு மணியைவிடத் திசையை அதிகம் கெடுக்கும் என்பது இதிலிருந்து தெரியும்.

ஜூனில் நிழல் தெற்கே சாய்வது விசித்திரமாகத் தோன்றலாம். நடுப்பகல் நிழல் வடக்கே விழும் என்று இணையத்தில் படிப்பது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் சரி. நமக்கு வருஷம் முழுக்கச் சரியல்ல. ஏப்ரல் 18 வாக்கில் சூரியன் தஞ்சாவூரின் நேர் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடும், ஆகஸ்ட் 25 வாக்கில்தான் திரும்பும். இடைப்பட்ட நான்கு மாதமும் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். கோடையில் எடுத்த படத்துக்கு அந்த விதியைப் போட்டால் வடக்கும் தெற்கும் தலைகீழாகும். உங்கள் படத்தில் வாசலில் சாத்திய கரும்பும் தெரிவதால் பொங்கல் என்ற குறிப்பை நான் நம்புகிறேன்.

சூரியக் கடிகாரத்துக்கு வருகிறேன். அதுவும் தஞ்சாவூர்ப் படம், கடிகாரம் ஒழுங்காக நிறுவப்பட்டது என்று வைத்துக்கொண்டால், அது காட்டிய 3 மணி அந்த இடத்துச் சூரிய மணி. கைக்கடிகார மணியாக்க 13 அல்லது 14 நிமிடம் கூட்டி, அந்த மாதத்தில் சூரியன் முந்தியதோ பிந்தியதோ அதையும் சரிசெய்ய வேண்டும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் சூரியன் 14 நிமிடம் பிந்தும், நவம்பர் முதல் வாரத்தில் 16 நிமிடம் முந்தும். அதனால் அந்த 3 மணி, பிப்ரவரியில் 3.28 ஆகவும் நவம்பரில் 2.57 ஆகவும் இருக்கலாம். மாதம் தெரியாதவரை இந்த அரை மணி இடைவெளியைக் குறைக்க வழியில்லை. 1942-க்கும் 1945-க்கும் இடைப்பட்ட படமாக இருந்தால் போர்க்காலத்தில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்ததையும் கூட்ட வேண்டும். 1906-க்கு முந்தைய படம் என்றால் இந்திய நேரமே கிடையாது. அன்றைக்கு ரயில்கள் ஓடியது இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்தங்கிய மதராஸ் நேரப்படி.

கடிகாரம் ஒழுங்காக நிறுவப்பட்டதா என்பதைப் படத்திலேயே ஓரளவு சோதிக்கலாம். கிடைத்தட்டின் மேல் நிற்கும் சரிந்த தகட்டின் விளிம்பு, ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு கோணத்தில்தான் எழும்ப வேண்டும். தஞ்சாவூரில் அது வெறும் 10.8 டிகிரி, ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். மணிக்கோடுகளும் நண்பகலை ஒட்டி நெருங்கிக் கிடக்கும். பன்னிரண்டு மணிக் கோட்டுக்கும் மூன்று மணிக் கோட்டுக்கும் நடுவே 11 டிகிரிகூட இருக்காது. லண்டனுக்குச் செய்த தகடு 51 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும், அதில் அந்த இடைவெளி 38 டிகிரி. உங்கள் படத்தில் தகடு அதுபோல நன்றாக நிமிர்ந்து நிற்கிறது, கோடுகளும் நன்றாகப் பரந்திருக்கின்றன. நான் பார்த்தவரை அது சீமையிலிருந்து வாங்கி வந்து தோட்டத்தில் வைத்த அலங்காரப் பொருள். அப்படிப்பட்டது நண்பகலில் மட்டும் சரியாகக் காட்டும், அதுவும் தகட்டை வடக்கு தெற்காக வைத்திருந்தால்தான். காலையிலும் மாலையிலும் அது காட்டும் மணியை நம்ப வேண்டாம்.

திசைக்கு மட்டும் அது கொஞ்சம் உதவும். வைத்தவர் கவனமாக வைத்திருந்தால் தகட்டின் உயர்ந்த முனை வடக்கே இருக்கும். ஆனால் அலங்காரத்துக்கு வைத்தவர் அதைப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. பீடத்தின் நிழலோ அருகிலுள்ள மரத்தின் நிழலோ முழுவதும் விழுந்த வேறொரு படம் அதே தோட்டத்தில் எடுத்ததாக இருந்தால் தேடிப் பாருங்கள். மாதம் மட்டும் தெரிந்துவிட்டால், கடிகாரத்தின் கோடுகளை விட்டுவிட்டு அந்த நிழலிலிருந்தே, வாசல் கல்லுக்குச் செய்தது போல மணியை எடுத்துவிடலாம்.